18 சதவீதம் தரும் திட்டத்தை ஒரு நல்ல மேலாளர் ஏன் மறுக்கிறார்?

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு பிரிவுகள். ஒன்று பம்பு செய்கிறது. இன்னொன்று ஃபவுண்டரி, பம்புக்கு வேண்டிய காஸ்டிங்கை வார்த்துக் கொடுக்கிறது, வெளியாருக்கும் விற்கிறது. கணக்கு வசதிக்காக நான் அமைத்துக்கொண்ட கம்பெனி இது. ஆனால் இதில் நடப்பது பல பிரிவுகள் உள்ள எந்தக் கம்பெனியிலும் நடக்கக்கூடியது.

பம்புப் பிரிவில் புதிதாக ஒரு சிஎன்சி லைன் போடலாம் என்று காஸ்ட் அக்கவுண்டன்ட் பையன் கணக்குப் போட்டு எடுத்து வருகிறார். செலவு 4 கோடி ரூபாய். ஆண்டு லாபம் 72 லட்சம், அதாவது 18 சதவீதம். பிரிவுத் தலைவர் தாளைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்.

“சார், 18 வருதே. கம்பெனி கேட்கிறது 12தானே?”

“வருது தம்பி, இல்லேன்னு சொல்லலை. ஆனா என் 25 இறங்கிடுமே. மார்ச்ல எனக்குப் பதில் சொல்ல யார் வருவா?”

அவர் சோம்பேறி இல்லை, கணக்குத் தெரியாதவரும் இல்லை. அவருடைய போனஸ் எந்த எண்ணில் தொங்குகிறதோ அதைக் காப்பாற்றுகிறார். அந்த எண்ணின் பெயர் ஆர்ஓஐ, முதலீட்டின் மீதான வருவாய் விகிதம். பிரிவின் லாபத்தை அந்தப் பிரிவில் போட்டிருக்கும் மூலதனத்தால் வகுத்தால் வருவது. இதே பிரிவை வேறொரு அளவுகோலால் அளந்திருந்தால் அதே மனிதர் அந்தத் தாளில் உடனே கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த அளவுகோல் எஞ்சிய வருமானம். பிரிவின் லாபத்திலிருந்து, அது பயன்படுத்தும் மூலதனத்துக்கு ஒரு கட்டணத்தைக் கழித்த பின் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பது.

நீங்கள் நிதிப் பிரிவில் முதலீட்டுக் குறிப்பு எழுதுகிறவராக இருக்கலாம். அல்லது நாளை ஒரு பிரிவுக்கே தலைமை ஏற்கப் போகிறவராக இருக்கலாம். இந்த இரண்டு அளவுகளும் எந்த இடத்தில் பிரியும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது உங்கள் வேலையின் ஒரு பகுதி.

இரண்டு திட்டங்கள், நான்கு விடைகள்

பம்புப் பிரிவின் மூலதனம் 20 கோடி, ஆண்டு லாபம் 5 கோடி. ஃபவுண்டரியின் மூலதனம் 50 கோடி, லாபம் நாலரைக் கோடி. இங்கே லாபம் என்று நான் சொல்வது வட்டியைக் கழிக்காத, வரியைக் கழித்த இயக்க லாபம். ஏன் அப்படி என்று பிறகு சொல்கிறேன். கம்பெனி முழுமைக்கும் மூலதனத்தின் விலை 12 சதவீதம் என்று தலைமை அலுவலகம் முடிவு செய்திருக்கிறது. வங்கிக் கடனையும் பங்குதாரர் பணத்தையும் அவற்றின் எடைக்கு ஏற்பச் சேர்த்து, வரிச் சலுகையும் போக வந்த விகிதம் அது.

பம்புப் பிரிவின் திட்டம் நமக்குத் தெரியும். அதே வாரத்தில் ஃபவுண்டரித் தலைவரும் ஒரு திட்டம் அனுப்புகிறார். 10 கோடியில் புதிய மோல்டிங் லைன். ஆண்டு லாபம் 1 கோடி, அதாவது 10 சதவீதம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். தொகைகள் எல்லாம் கோடி ரூபாயில்.

| | பம்பு, இப்போது | பம்பு, திட்டத்தோடு | ஃபவுண்டரி, இப்போது | ஃபவுண்டரி, திட்டத்தோடு |
|---|---|---|---|---|
| மூலதனம் | 20.00 | 24.00 | 50.00 | 60.00 |
| லாபம் | 5.00 | 5.72 | 4.50 | 5.50 |
| ஆர்ஓஐ | 25% | 23.8% | 9% | 9.2% |
| மூலதனக் கட்டணம் (12%) | 2.40 | 2.88 | 6.00 | 7.20 |
| எஞ்சிய வருமானம் | 2.60 | 2.84 | −1.50 | −1.70 |

பம்புப் பிரிவில் ஆர்ஓஐ இறங்குகிறது, எஞ்சிய வருமானம் 24 லட்சம் ஏறுகிறது. ஃபவுண்டரியில் ஆர்ஓஐ ஏறுகிறது, எஞ்சிய வருமானமோ 20 லட்சம் இறங்குகிறது. ஆர்ஓஐயைப் பார்த்து முடிவெடுத்தால் 18 சதவீதம் தரும் திட்டம் மேசையிலேயே செத்துப்போகும். 10 சதவீதம் தரும் திட்டம் கைதட்டலோடு நிறைவேறும். 12 வட்டிக்கு வாங்கிய பணத்தை 10 வட்டிக்கு விடுகிறவரை ஊரில் யாரும் கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டார்கள். ஃபவுண்டரித் தலைவர் செய்ய நினைப்பது அதைத்தான். ஆனால் அவருடைய மதிப்பெண் தாளில் அது முன்னேற்றமாகப் பதிவாகும். இரண்டு முடிவுகளும் தவறினால் கம்பெனிக்கு ஆண்டுக்கு 44 லட்சம் வித்தியாசம். யாரும் திருடவில்லை, யாரும் அலட்சியம் செய்யவில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதைக் கவனமாகப் பாருங்கள். ஆர்ஓஐ ஒரு சராசரி. சராசரியை விடக் குறைவான எதைச் சேர்த்தாலும் அது இறங்கும். அதிகமான எதைச் சேர்த்தாலும் ஏறும். எனவே ஆர்ஓஐயால் அளக்கப்படும் மேலாளருக்கு ஒரு திட்டத்தின் தகுதியை நிர்ணயிப்பது அவருடைய பிரிவின் இன்றைய சதவீதம். 25இல் இருப்பவருக்கு 25தான் வாசல்படி. 9இல் இருப்பவருக்கு 9 தாண்டினால் போதும். கம்பெனிக்கோ இருவருக்கும் ஒரே வாசல்படிதான், 12.

இதிலிருந்து அடையாளம் காணும் வழி கிடைக்கிறது. புதிய திட்டத்தின் வருவாய் விகிதம், பிரிவின் இன்றைய ஆர்ஓஐக்கும் மூலதனச் செலவுக்கும் நடுவில் விழுந்தால் இரண்டு அளவுகளும் சண்டை போடும். அதற்கு வெளியே விழுந்தால் போடாது. பம்புப் பிரிவுக்கு 12 முதல் 25 வரை ஆபத்தான இடைவெளி. ஃபவுண்டரிக்கு 9 முதல் 12 வரை. 30 சதவீதத் திட்டம் வந்தால் இரு அளவுகளும் சரி என்று சொல்லும். 5 சதவீதத் திட்டம் வந்தால் இரண்டும் வேண்டாம் என்று சொல்லும். ஆகவே முதலீட்டுக் குறிப்பு கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மூன்று எண்கள்: திட்டத்தின் விகிதம், பிரிவின் விகிதம், மூலதனத்தின் விலை. 12ஐத் தாண்டிய பிரிவு நன்றாக நடக்க நடக்க அந்த இடைவெளி அகலமாகிறது என்பதையும் கவனியுங்கள். கம்பெனியிலேயே சிறந்த பிரிவுதான் அதிகமான நல்ல திட்டங்களைக் கைவிடும்.

சேர்ப்பதில் மட்டுமல்ல, கழிப்பதிலும் இதே கோளாறு உண்டு. பம்புப் பிரிவில் 3 கோடி புத்தக மதிப்புள்ள ஒரு லைன் ஆண்டுக்கு 45 லட்சம் தருகிறது என்று வையுங்கள். அது 15 சதவீதம். கம்பெனிக்கு நல்ல சொத்து. அதைப் புத்தக மதிப்புக்கே விற்றுவிட்டால் பிரிவின் மூலதனம் 17 கோடி, லாபம் 4.55 கோடி, ஆர்ஓஐ 26.8 சதவீதம். எஞ்சிய வருமானமோ 2.60 கோடியிலிருந்து 2.51 கோடிக்கு இறங்கும். நன்றாக ஓடும் பிரிவில் ஆண்டுக் கடைசியில் திடீரென்று இயந்திரங்களை விற்கும் ஆர்வமோ, இதுவரை உள்ளே செய்த வேலையை ஜாப் ஒர்க்குக்கு வெளியே அனுப்பும் ஆர்வமோ தெரிந்தால், காரணம் தொழிலில் இருக்கிறதா, வகுத்தல் கணக்கில் இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

சதவீதம் எப்படி இவ்வளவு வேரூன்றியது

ஆர்ஓஐயைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதற்கு மரியாதையான பின்னணி உண்டு. அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி வெடிமருந்திலிருந்து பல தொழில்களுக்குக் கிளை விட்ட 1910களில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தொழில்களை ஒரே தாளில் ஒப்பிட அவர்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அங்கிருந்த டொனால்ட்சன் பிரவுன் ஆர்ஓஐயை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: விற்பனையில் எவ்வளவு லாபம் நிற்கிறது, போட்ட பணம் ஆண்டுக்கு எத்தனை முறை விற்பனையாகச் சுழல்கிறது. இரண்டையும் பெருக்கினால் ஆர்ஓஐ. 1921இல் அவர் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போனபோது அந்த முறையும் அங்கே போனது.

அந்தப் பிரித்துப் பார்த்தல் இன்றைக்கும் பயன்படுகிறது. நம் பம்புப் பிரிவின் விற்பனை 50 கோடி என்றால், லாப விகிதம் 10 சதவீதம், சுழற்சி இரண்டரை முறை. சரக்கு தேங்கினால் எந்தப் பக்கம் அடிபடும், விலை குறைத்தால் எந்தப் பக்கம் அடிபடும் என்று தொழிற்கூடத்தில் இருப்பவருக்கும் புரிய வைத்துவிடலாம். நோய் எங்கே என்று கண்டுபிடிக்க ஆர்ஓஐ நல்ல கருவி. புதிதாகப் பணம் போடுவதா என்று முடிவெடுக்கவும், அந்த முடிவெடுப்பவரின் போனஸைக் கட்டிவைக்கவும்தான் அது பொருந்தவில்லை.

எஞ்சிய வருமானத்தை 1950களில் பெயர் சொல்லிப் பயன்படுத்தியது ஜெனரல் எலெக்ட்ரிக். பிற்பாடு ஸ்டெர்ன் ஸ்டூவர்ட் என்ற ஆலோசனை நிறுவனம் அதையே சில திருத்தங்களோடு ஈவிஏ என்ற பெயரில் பரப்பியது. இந்தியாவில் இன்ஃபோசிஸ் தன் ஆண்டறிக்கைகளில் ஈவிஏ கணக்கை வெளியிட்டிருக்கிறது. கோத்ரெஜ் கன்ஸ்யூமர், டிசிஎஸ் போன்றவை ஊழியர் ஊதியத்தோடு அதை இணைத்துப் பார்த்தன. ஆகவே உங்கள் அலுவலகத்தில் ஈவிஏ என்று யாராவது சொன்னால் மிரள வேண்டாம். அடியில் இருப்பது அதே கழித்தல்தான்.

கழித்தலில் தவறு நுழையும் இடங்கள்

எக்செல்லில் இது இரண்டே வரிகளில் முடியும். B2இல் லாபம், B3இல் மூலதனம், B4இல் மூலதன விகிதம் என்றால்:

```
=B2/B3
=B2-B3*B4
```

முதல் வரி ஆர்ஓஐ, இரண்டாவது எஞ்சிய வருமானம். சூத்திரத்தில் யாரும் தவறுவதில்லை. அந்த மூன்று கட்டங்களில் எதைப் போடுகிறோம் என்பதில்தான் தவறுகிறார்கள்.

அதிகமாகக் கண்ணில் படும் தவறு, வட்டியை இரண்டு முறை கழிப்பது. நிதிப் பிரிவு தரும் லாபம் ஏற்கெனவே வங்கி வட்டி போனது. அதன் மீது இன்னொரு 12 சதவீதம் கழித்தால் பிரிவு தன் கடனுக்கு இரண்டு தடவை பணம் கட்டுகிறது. அதனால்தான் வட்டிக்கு முந்தைய லாபம் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். கடனுக்கான விலையும் பங்குதாரர் பணத்துக்கான விலையும் அந்த 12க்குள் அடங்கிவிட்டன.

இன்னொன்று வரி. 12 என்பது வரிக்குப் பிந்தைய விகிதம் என்றால் லாபமும் வரிக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒரு திட்டம் வரிக்கு முன் 15 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சலுகைகளை விட்டுக்கொடுத்து 22 சதவீத விகிதத்தைத் தேர்ந்த கம்பெனிக்கு, சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து வரி ஏறக்குறைய 25.17 சதவீதம். வரி போனால் திட்டம் தருவது 11.2தான். 15ஐ 12ஓடு ஒப்பிட்டவருக்குத் தேறிய திட்டம், சரியாக ஒப்பிட்டால் தேறவில்லை. குறிப்பு எழுதும்போது ‘வரிக்குப் பின்’ என்ற இரண்டு சொற்களை லாபத்துக்குப் பக்கத்திலும் விகிதத்துக்குப் பக்கத்திலும் எழுதிவிடுங்கள். படிக்கிறவர் கேட்க வேண்டிய தேவையே இருக்காது.

மூலதனம் என்ற கட்டம்தான் விளையாட்டு மைதானம். மார்ச் 31 நிலவரத்தை மட்டும் எடுத்தால், அந்த ஒரு நாளுக்காகப் பிரிவுகள் வேஷம் கட்டும். மூலப்பொருள் வாங்குவதை ஏப்ரல் முதல் வாரத்துக்குத் தள்ளுவார்கள். டீலர்களைக் கெஞ்சி அந்த வாரத்தில் மட்டும் வசூலிப்பார்கள். சப்ளையருக்குத் தர வேண்டியதை ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். எஞ்சிய வருமானத்துக்கு மாறினாலும் இது தானாக நிற்காது. பன்னிரண்டு மாத இறுதி நிலவரங்களின் சராசரியை எடுங்கள். இந்த வேஷத்தின் பயன் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எடுத்த பிறகும் மார்ச் எண் மட்டும் மற்ற மாதங்களை விட வெகுவாகக் குறைந்திருந்தால் அதுவே ஒரு தடயம்.

மூலதனக் கட்டணத்தின் பெரிய நன்மை தெரிவதும் இந்தக் கட்டத்தில்தான். அது இயந்திரத்துக்கு மட்டுமல்ல, டீலரிடம் நிற்கும் பணத்துக்கும் விழுகிறது. பம்புப் பிரிவின் விற்பனை மேலாளர் சில டீலர்களுக்குக் கூடுதலாக ஒரு மாதம் கடன் தரலாம் என்கிறார். அதனால் வரும் கூடுதல் லாபம் 10 லட்சம். வசூலாகாமல் நிற்கும் பணம் 1 கோடி கூடும். கட்டணம் 12 லட்சம். 2 லட்சம் நஷ்டம். திட்டக் குழு, ஆலோசகர், அறிக்கை எதுவும் தேவையில்லை. விற்பனை மேலாளரே ஒரு நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு. எஞ்சிய வருமானத்தைக் கம்பெனிக்குள் கொண்டுவர நினைப்பவர்களுக்கு என் யோசனை இது: இயந்திரக் கதையை விட்டுவிட்டு இந்த டீலர் கடன் கதையிலிருந்து ஆரம்பியுங்கள். எல்லோருக்கும் பழக்கமான விஷயம், விடையும் உடனே வரும்.

குத்தகைக்கு எடுத்த இயந்திரத்தையும் விட்டுவிடக் கூடாது. 2019 ஏப்ரல் முதல் இன்ட் ஏஎஸ் 116 விதிப்படி பெரும்பாலான குத்தகைகள் சொத்தாகவே ஏடேற வேண்டும். ஆனால் பிரிவு வாரியான உள் அறிக்கையில் பழைய பழக்கத்தில் வாடகையாகவே காட்டுகிறவர்கள் உண்டு. அப்படிக் காட்டினால் வாங்குகிற பிரிவுக்குக் கட்டணம், குத்தகைக்கு எடுக்கிற பிரிவுக்கு விடுதலை. எல்லோரும் குத்தகைக்கு ஓடுவார்கள்.

25 உண்மையிலேயே 25தானா?

பம்புப் பிரிவின் 25ஐயும் ஃபவுண்டரியின் 9ஐயும் பார்த்து ஒருவரைப் பாராட்டி மற்றவரைத் திட்டுவதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தோண்ட வேண்டும்.

ஒன்று, காஸ்டிங்கின் விலை. ஃபவுண்டரி பம்புப் பிரிவுக்குக் கொடுக்கும் காஸ்டிங் ஆண்டுக்கு 2,000 டன் என்று வைப்போம். கிலோவுக்கு 5 ரூபாய் ஏற்றினால் 1 கோடி ரூபாய் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போகும். வரி போக 75 லட்சம். பம்புப் பிரிவு 21 சதவீதத்துக்கு இறங்கும், ஃபவுண்டரி பத்தரைக்கு ஏறும். இரண்டு பிரிவுகளின் எஞ்சிய வருமானத்தையும் கூட்டிப் பாருங்கள், விலை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே 1.10 கோடிதான். கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை, போகவில்லை. அந்தக் காஸ்டிங்கை வெளியே வாங்கினால் என்ன விலை என்று தெரியாதவரை, இந்த இரண்டு பிரிவுகளின் எந்த அளவையும் நம்பிப் பேச முடியாது.

இரண்டு, சொத்தின் வயது. பம்புப் பிரிவின் இயந்திரங்கள் பதினைந்து ஆண்டு பழையவை என்றால் தேய்மானம் போகப் புத்தகத்தில் அவற்றுக்கு மதிப்பே இருக்காது. சிறிய எண்ணால் வகுத்தால் பெரிய சதவீதம் வரத்தான் செய்யும். ஃபவுண்டரி மூன்று ஆண்டுகளுக்கு முன் புதிய உலை போட்டிருந்தால் அதன் 9க்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். எஞ்சிய வருமானமும் இந்த நோயிலிருந்து தப்பவில்லை. இதைப் பலர் மறைத்துவிடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

இன்னொரு இயந்திரம். இதுவும் 4 கோடி. எட்டு ஆண்டு ஆயுள், கடைசியில் மதிப்பு ஏதுமில்லை. ஆண்டுதோறும் வரி போக 90 லட்சம் ரொக்கம் தருகிறது. சீரான தேய்மானம் 50 லட்சம் போனால் லாபம் 40 லட்சம். எட்டு ஆண்டு ரொக்கத்தையும் 12 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 4.47 கோடி, போட்ட 4 கோடி போக 47 லட்சம் லாபம். வாங்க வேண்டிய இயந்திரம், சந்தேகமில்லை.

முதல் ஆண்டைப் பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் புத்தக மதிப்பு 4 கோடி, கட்டணம் 48 லட்சம், லாபம் 40 லட்சம். எஞ்சிய வருமானம் 8 லட்சம் குறைவு. இரண்டாம் ஆண்டு மதிப்பு மூன்றரைக் கோடி, கட்டணம் 42 லட்சம், 2 லட்சம் குறைவு. மூன்றாம் ஆண்டில்தான் 4 லட்சம் மிச்சம் காட்டுகிறது. பிறகு ஆண்டுக்கு 6 லட்சம் கூடிக்கொண்டே போய் எட்டாம் ஆண்டில் 34 லட்சம். அந்த இயந்திரத்தின் ஆர்ஓஐ முதல் ஆண்டில் 10 சதவீதம், எட்டாம் ஆண்டில் 80. இயந்திரம் ஒன்றுதான், உற்பத்தியும் ஒன்றுதான். மாறியது புத்தக மதிப்பு மட்டும்.

இந்த எட்டு ஆண்டுகளின் எஞ்சிய வருமானத்தையும் அதே 12 சதவீதத்தில் இன்றைக்குக் கொண்டுவந்து கூட்டினால் சரியாக அந்த 47 லட்சம் வரும். தற்செயல் அல்ல, எந்தத் தேய்மான முறையை எடுத்தாலும் இப்படித்தான் வரும். ஆர்ஓஐக்கு இல்லாத குணம் இது. மொத்த ஆயுளுக்கும் எஞ்சிய வருமானம் பொய் சொல்வதில்லை. ஒற்றை ஆண்டில் சொல்லும். இரண்டு ஆண்டில் மாற்றலாகப் போகிற பம்புப் பிரிவுத் தலைவர் கையில் இந்தத் திட்டத்தைக் கொடுத்தால், ஆர்ஓஐயில் அளந்தாலும் மறுப்பார், எஞ்சிய வருமானத்தில் அளந்தாலும் மறுப்பார். வாங்கிய பலன் அவருக்கு அடுத்து வருகிறவருக்கு.

இதற்கு நடைமுறையில் செய்யக்கூடியது, திட்டம் அனுமதிக்கப்படும் அன்றே எட்டு ஆண்டுக்குமான எஞ்சிய வருமான அட்டவணையை அதோடு இணைத்துவிடுவது. முதல் ஆண்டு இலக்கு குறைவு 8 லட்சம் என்று அதிலேயே எழுதியிருக்கும். பிரிவுத் தலைவர் குறைவு 5 லட்சத்தோடு ஆண்டை முடித்தால் அவர் இலக்கை 3 லட்சம் தாண்டியவர். போனஸ் அதற்குக் கிடைக்க வேண்டும். பூஜ்ஜியத்தோடு ஒப்பிட்டால் தண்டனை, அட்டவணையோடு ஒப்பிட்டால் பாராட்டு. அவர் மாற்றலாகிப் போனால் அட்டவணை அடுத்தவர் பெயருக்கு மாறும். பழைய இயந்திரங்களோடு சொகுசாக இருக்கும் பிரிவுக்கும் இலக்கு அதற்கேற்ப உயரத்தில் இருக்கும், சும்மா உட்கார்ந்திருந்து போனஸ் வாங்க முடியாது.

பிரிவுகளின் அளவு வேறுபடும்போதும் இதே மருந்துதான். எஞ்சிய வருமானம் ரூபாயில் வருவதால் பெரிய பிரிவுக்கு இயல்பாகவே பெரிய எண் வரும். 200 கோடி மூலதனத்தில் 13 சதவீதம் சம்பாதிக்கும் பிரிவுக்கு 2 கோடி மிஞ்சும். 10 கோடியில் 25 சதவீதம் சம்பாதிக்கும் பிரிவுக்கு 1.30 கோடிதான். முதலாமவர் சிறந்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிரிவுகளை எஞ்சிய வருமானத்தால் வரிசைப்படுத்தாதீர்கள். ஒவ்வொன்றையும் அதனதன் இலக்கோடும் போன ஆண்டோடும் ஒப்பிடுங்கள்.

குறிப்பு எழுதும்போதும், பதவி ஏற்கும் முன்பும்

காஸ்ட் அக்கவுண்டன்ட் தம்பிக்கு வருவோம். அவருடைய தாளில் 18 சதவீதம் என்ற ஒரே எண் மேலே தடித்த எழுத்தில் இருந்தது. பிரிவுத் தலைவர் கண் அதைத் தன் 25ஓடு ஒப்பிட்டது. சதவீதத்தைக் காட்டினால் யாரும் சதவீதத்தோடுதான் ஒப்பிடுவார்கள். குறிப்பின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: “4 கோடி முதலீடு, மூலதனக் கட்டணம் 48 லட்சம் போக ஆண்டுக்கு 24 லட்சம் மிஞ்சும்.” அடுத்த வரியில், “பிரிவின் ஆர்ஓஐ 25இலிருந்து 23.8ஆகும்” என்று ஒளிக்காமல் எழுத வேண்டும். மறைத்தால் மார்ச்சில் தெரியும், அன்றைக்கு நம்பிக்கை போய்விடும். மூன்றாவது வரி, தலைமை அலுவலகத்துக்கு ஒரு கேள்வி: இந்த 1.2 புள்ளி இறக்கத்தைப் பிரிவின் இந்த ஆண்டு இலக்கில் சரிசெய்து தருவீர்களா? அந்த மூன்றாவது வரிக்கு ஆம் என்று பதில் வாங்காமல் பிரிவுத் தலைவரிடம் போவதில் பயனில்லை. தன் போனஸைக் கம்பெனிக்காகத் தியாகம் செய்யச் சொல்லி எந்த மனிதரையும் கேட்கக் கூடாது. அளவுகோலைத் திருத்த வேண்டியவர்கள் மேலே இருக்கிறார்கள்.

ஃபவுண்டரிக் குறிப்பை எழுதுபவருக்கு எதிர் வேலை. ஆர்ஓஐ ஏறுகிறது என்ற மகிழ்ச்சியில் மூழ்கியிருக்கும் தலைவரிடம், 10 கோடிக்குக் கட்டணம் 1.20 கோடி, லாபம் 1 கோடி என்று சொல்ல வேண்டும். இங்கே ஒன்றைப் பிரித்துவிடுங்கள். அந்த 10 கோடியில் தூசி பிடிக்கும் கருவி, தொழிலாளர் பாதுகாப்பு ஏற்பாடு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்கும் மாற்றம் ஏதாவது இருந்தால் அந்தத் தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். சட்டப்படியும் மனிதாபிமானப்படியும் செய்தே ஆக வேண்டியதை 12 சதவீதம் தருகிறதா என்று சோதிப்பது முறையல்ல. அது 2 கோடி என்றால், மீதி 8 கோடி 1 கோடி தருகிறது, பன்னிரண்டரை சதவீதம்; திட்டத்தின் நிறமே மாறிவிடுகிறது. அப்படிப் பிரிப்பதையே சாக்காக வைத்து எல்லாவற்றையும் ‘கட்டாயச் செலவு’க்குள் தள்ளுகிறவர்களும் உண்டு. ஆகையால் எந்த விதி, எந்த உத்தரவு என்று எண்ணோடு எழுதச் சொல்லுங்கள்.

பிரிவுத் தலைவர் பதவி உங்களைத் தேடி வந்தால், சம்பளம் பேசும் அதே அமர்வில் மாறும் ஊதியம் எந்த அளவில் தொங்குகிறது என்று கேளுங்கள். ஆர்ஓஐ என்றால் மூலதனம் எந்தத் தேதியில், எந்த மதிப்பில் அளக்கப்படுகிறது என்று கேளுங்கள். எஞ்சிய வருமானம் என்றால் கட்டண விகிதத்தை யார் நிர்ணயிக்கிறார்கள், எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள், தொழிலின் ஆபத்துக்கு ஏற்பப் பிரிவுக்குப் பிரிவு வேறுபடுமா என்று கேளுங்கள். தலைமை அலுவலகச் செலவில் உங்கள் பங்கு லாபத்துக்கு முன் கழிக்கப்படுகிறதா என்பதையும் கேளுங்கள். உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத செலவை வைத்து உங்களை அளப்பது நியாயமல்ல. கடைசியாக, கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பிரிவு நிராகரித்த திட்டங்களின் பட்டியலைக் கேளுங்கள். ஏற்கப்பட்ட திட்டங்களை எல்லோரும் காட்டுவார்கள். நிராகரிக்கப்பட்டவற்றில் 12க்கும் பிரிவின் அன்றைய ஆர்ஓஐக்கும் நடுவில் விழுந்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவை இன்னும் செய்யத்தக்கவையாக இருந்தால், உங்கள் முதல் ஆண்டு வேலைத் திட்டத்தில் பாதி அங்கேயே தயாராக இருக்கும்.